ஒரு தேவை, ஐந்து பில்: கொள்முதல் பதிவேட்டில் பிரித்த பில்லையும் இரட்டை பில்லையும் கண்டுபிடிப்பது

உள் தணிக்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய தொகையில்தான் தொடங்குவார்கள். பத்து லட்சத்துக்கு மேல் உள்ள பில்களை வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கொட்டேஷன் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் பெரிய பில்லை ஏற்கெனவே நாலு பேர் பார்த்திருப்பார்கள். யாருமே பார்க்காத பில் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். இந்த அத்தியாயத்தில் நாம் தேடப்போவது அதைத்தான். கூடவே, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போன இடங்களையும் தேடுவோம்.

இரண்டுக்கும் உதாரணமாக ஒரே தொழிற்சாலையை எடுத்துக்கொள்கிறேன். கோவைப் பக்கம் பம்ப் செட் செய்யும் நடுத்தர ஆலை. தொகைகளையும் எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்த விதத்தை மாற்றவில்லை. அந்த ஆலையில் கொள்முதல் வரம்பு இப்படி: 50,000 ரூபாய் வரை ஸ்டோர் மேனேஜர் ஒரே கடையில் விலை கேட்டு வாங்கலாம். அதற்கு மேல் 2 லட்சம் வரை மூன்று கொட்டேஷனும் பர்ச்சேஸ் மேனேஜர் கையெழுத்தும் வேண்டும். 2 லட்சத்தைத் தாண்டினால் நிர்வாக இயக்குநர் ஒப்புதல். வரம்பு வரியோடு சேர்த்தா, வரி இல்லாமலா என்பதை முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரியோடு சேர்த்து. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் பாதி அறிக்கையைத் திரும்ப எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

அரசு அலுவலகத்தில் வேலை என்றால் இதற்கு எழுத்தில் விதியே உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 157-வது விதி, மேலதிகாரியின் ஒப்புதலையோ போட்டி ஏலத்தையோ தவிர்ப்பதற்காக ஒரு தேவையைச் சிறு சிறு அளவாகப் பிரித்து வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிகள் வெளிவந்தபோது கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 25,000 ரூபாய். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே இன்றைய வரம்பை வைத்துப் பழைய பில்லைச் சோதிக்காதீர்கள்; வாங்கிய நாளில் எந்த வரம்பு நடப்பில் இருந்ததோ அதுதான் அளவுகோல்.

அந்த விதியில் கவனிக்க வேண்டிய சொல் 'தேவை'. பில் பிரிந்திருக்கிறதா என்பது நம் கேள்வி அல்ல. ஒன்றரை லட்சத்துக்கு முறைப்படி ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, சரக்கு மூன்று தவணையாக வந்து, மூன்று பில் வந்தால் அதில் குற்றமே இல்லை. ஒரே வேலைக்கு வேண்டிய சாமானை ஒரே நாளில் இறக்கிவிட்டு, அதற்கு மூன்று ஆர்டர் போட்டிருந்தால் அது பிரிப்பு. முதலாவதில் பில் மூன்று, முடிவு ஒன்று. இரண்டாவதில் முடிவே மூன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் தேடுவது அந்த வெட்டை.

பட்டியலைத் தயார் செய்தல்

டேலியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ ஒரு வருடக் கொள்முதல் பதிவேட்டை எக்செல்லில் எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் வவுச்சர் மட்டும் போதாது. செலவுக் கணக்கில் நேரடியாக எழுதிய வவுச்சர்கள், ஜர்னல், சில்லறை ரொக்கம் எல்லாம் வேண்டும். இரட்டை பில் பெரும்பாலும் ஒரு கால் கொள்முதலிலும் மறு கால் செலவுக் கணக்கிலும் வைத்து நிற்கும். கொள்முதலை மட்டும் எடுத்தால் ஒரு கால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பத்திகளை நான் இந்த வரிசையில் வைப்பேன். A-யில் வவுச்சர் எண், B-யில் சப்ளையர் பெயர், C-யில் ஜிஎஸ்டி எண், D-யில் பில் எண், E-யில் பில் தேதி, F-ல் கணக்கில் ஏற்றிய தேதி, G-யில் வரியோடு மொத்தத் தொகை. H-ஐயும் I-ஐயும் நாம் உண்டாக்கப் போகிறோம்.

சப்ளையரைப் பெயரை வைத்து அடையாளம் காணாதீர்கள். 'ஸ்ரீ' போட்டு ஒரு லெட்ஜர், போடாமல் ஒரு லெட்ஜர், 'எலெக்ட்ரிக்கல்ஸ்' என்பதில் ஒரு எழுத்து விட்டு ஒன்று என்று ஒரே கடைக்கு மூன்று லெட்ஜர் இருப்பது சர்வ சாதாரணம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் உண்டு. முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த பத்தும் அந்த நபரின் பான் எண். அந்தப் பத்தை மட்டும் வெட்டி I பத்தியில் வைத்தால், ஒரே முதலாளி இரண்டு மாநிலத்தில் பதிவு வைத்திருந்தாலும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்:

```
=MID(C2,3,10)
```

ஜிஎஸ்டி எண் காலியாக உள்ள வரிகளைத் தனித் தாளில் ஒதுக்குங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை பிறகு வேண்டும்.

அடுத்தது பில் எண். ஒருவர் `P/0417/24-25` என்று ஏற்றியதை இன்னொருவர் `P/417/24-25` என்று ஏற்றியிருப்பார். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடித்தவர்களும் உண்டு. ஒரே பில் எண் மீண்டும் வந்தால் எச்சரிக்கும் வசதி பல மென்பொருளில் இருக்கிறது. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் அது வாயைத் திறக்கும். அதனால் கோடு, சாய்கோடு, இடைவெளி, பூஜ்யம், ஓ எல்லாவற்றையும் உரித்துவிட்டு மிஞ்சுவதை H-ல் வைக்கிறோம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(UPPER(D2),"/",""),"-","")," ",""),
 "0",""),"O","")
```

பூஜ்யத்தையே எடுத்துவிட்டால் 417-ம் 4017-ம் ஒன்றாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஆகும். ஒரே சப்ளையரிடம் அப்படி இரண்டு எண் வருவது அபூர்வம். வந்தாலும் அசல் பில்லைப் பார்த்ததும் அரை நிமிடத்தில் தள்ளிவிடலாம். தவறிப்போவதைவிட வீணாக ஒன்றைப் பார்ப்பது மேல்.

ஒரு சோதனை பாக்கி. E பத்தியில் இருப்பவை நிஜமாகவே தேதிகள்தானா, தேதி போலத் தெரியும் வெறும் எழுத்துகளா? பத்தியைப் பழையது முதல் புதியது வரை வரிசைப்படுத்திப் பாருங்கள். எழுத்தாக உள்ளவை அடியில் போய்க் குவியும். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே போனால், கீழே வரும் நாள் கணக்கு எதுவும் அவற்றைத் தொடாது. எந்தப் பிழையும் காட்டாமல், தொடாமலே விட்டுவிடும்.

பிரித்த பில்: 215 எங்கே?

பிரிப்பைத் தேட நான் போடும் சூத்திரம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பில்லிலும் நின்றுகொண்டு, அதே பான் எண்ணுக்கு அன்றும் அதற்கு முந்தைய 14 நாளும் வரம்புக்கு உட்பட்ட பில்கள் மொத்தம் எவ்வளவு என்று கேட்பது:

```
=SUMIFS(G:G,I:I,I2,E:E,">="&E2-14,
 E:E,"<="&E2,G:G,"<=50000")
```

50,000-க்கு மேற்பட்ட பில்களைக் கூட்டலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அவை மேல் வாசல் வழியாக, கொட்டேஷனோடு போனவை. நமக்குக் கீழ் வாசல் வழியாகப் போனவைதான் வேண்டும். விடை 50,000-ஐத் தாண்டும் வரிகளை வடிகட்டுங்கள். முதல் தடவை நூற்றுக்கணக்கில் வரும், மிரள வேண்டாம். தண்ணீர் லாரி, கேன்டீன் காய்கறி, டீசல், கூரியர் என்று தினசரி வாங்கும் இனங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆண்டு விலை ஒப்பந்தம் உள்ளவற்றை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு நீக்குங்கள். மிஞ்சுவது இருபது முப்பது கொத்துதான்.

நம் ஆலையில் அப்படி மிஞ்சிய ஒரு கொத்து மின்சாமான் கடை. 2024 ஜூனில் நான்கு பில்கள்: 10-ம் தேதி எண் 212, தொகை 48,970. 12-ம் தேதி 213, தொகை 48,144. 14-ம் தேதி 214, தொகை 49,442. 17-ம் தேதி 216, தொகை 47,200. மொத்தம் 1,93,756 ரூபாய். நான்கிலும் ஸ்டோர் மேனேஜர் கையெழுத்து மட்டும்.

தொகை நாலும் வரம்பை ஒட்டி நிற்பது எல்லார் கண்ணிலும் படும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது பில் எண். நகரத்தின் நடுவே இருக்கும், நாளெல்லாம் கூட்டம் நிற்கும் கடை அது. ஒரு வாரத்தில் அந்தக் கடை நமக்கு மட்டுமா பில் போட்டிருக்கும்? 212, 213, 214 என்று எண்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டில் ஒன்று. கடைக்கு நம்மைத் தவிர வாடிக்கையாளர் இல்லை. அல்லது பில்கள் ஒரே உட்காரலில் எழுதப்பட்டு, தேதி மட்டும் தள்ளித் தள்ளிப் போடப்பட்டவை. மொத்த வியாபாரத்துக்குத் தனி வரிசை வைத்திருக்கிற கடைகளும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது: 215 எங்கே?

ஒதுக்கி வைத்த, ஜிஎஸ்டி எண் இல்லாத தாளில் அது இருந்தது. 15-ம் தேதி, தொகை 49,088. 'ஸ்ரீ' இல்லாத இன்னொரு லெட்ஜரில், வரியைப் பிரிக்காமல், முழுத் தொகையும் 'ஷெட் பராமரிப்பு' என்ற செலவில் ஏற்றப்பட்டிருந்தது. வேறு ஒரு வழியிலும் இதைப் பிடித்திருக்கலாம். அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில், நமக்கு விற்றதாகக் கடைக்காரர் காட்டிய பில்கள் ஐந்து. நம் கொள்முதல் பதிவேட்டில் நான்கு. கணக்குப் பிரிவில் அந்த வித்தியாசத்தைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டிருந்தார்கள்.

215-ஐச் சேர்த்ததும் மொத்தம் 2,42,844. அதாவது மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டிய விஷயம், நிர்வாக இயக்குநர் மேசைக்குப் போகவேண்டிய விஷயமாக மாறிவிட்டது. வரிசையில் விடுபட்ட எண்ணைத் தேடாமல் இருந்திருந்தால் என் குறிப்பு தவறான ஆளுக்குப் போயிருக்கும்.

இவ்வளவும் நாற்காலியை விட்டு எழாமல் செய்தது. இது சந்தேகம்தான், சான்று அல்ல. சான்றுக்கு மூன்று இடம் போக வேண்டும்: இன்டென்ட் புத்தகம், வாயிற்காவல் பதிவேடு, சாமான் போய்ச் சேர்ந்த இடம்.

இன்டென்ட் புத்தகத்தில் ஜூன் 5-ம் தேதி மூன்றாம் ஷெட் வயரிங்குக்கு என்று ஒரே சீட்டு. கேபிள், பேனல் பாக்ஸ், எம்.சி.பி. என்று பதினோரு இனம். அந்தப் பதினோரு இனமும் ஐந்து பில்லுக்குள் அடங்கிவிட்டன. எந்த இனமும் இரண்டு பில்லில் வரவில்லை. யாரோ உட்கார்ந்து, 50,000-ஐத் தாண்டாதபடி இனங்களைப் பங்கு போட்டிருக்கிறார்கள். வாயிற்காவல் பதிவேட்டில் ஜூன் 8, சனிக்கிழமை மாலை ஒரு டெம்போ. 'கேபிள் டிரம் 4, பெட்டி 9' என்று காவலாளி பென்சிலில் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து ஜூன் மாதம் முழுக்க வேறு வண்டி உள்ளே வரவில்லை. முதல் பில் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே சாமான் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

வாயிற்காவல் பதிவேட்டை நான் எப்போதும் கடைசியில் அல்ல, முதலில் பத்திரப்படுத்துவேன். கணக்கில் இருப்பதைத் திருத்த எத்தனையோ பேருக்கு வழி உண்டு. பென்சில் எழுத்துள்ள அந்த நீள நோட்டை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

ஸ்டோர் மேனேஜரிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி வயரிங் முடிக்கணும்னு புரொடக்‌ஷன்ல நெருக்குனாங்க சார். பர்ச்சேஸ் மேனேஜர் ரெண்டு வாரம் லீவு. நான் என்ன பண்றது?" என்றார். விடுப்புப் பதிவேட்டில் பார்த்தேன், உண்மைதான். அவர் சொன்னதையும் குறிப்பில் எழுதினேன். ஆனால் அவசரம் என்பது கொட்டேஷன் இல்லாமல் வாங்கியதற்குக் காரணம் ஆகலாம். தேதியைத் தள்ளித் தள்ளி ஐந்து பில் வாங்கியதற்குக் காரணம் ஆகாது. அவசரக் கொள்முதலுக்கு என்று அந்த ஆலையில் தனிப் படிவமே இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால், கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்கள் குறிப்பு அடிபட்டுப் போகும்.

விலையையும் பார்த்துவிடுங்கள். பிரித்த பில் என்றால் திருட்டு என்று எண்ணுவது தவறு. அதே கேபிளுக்கு அதே மாதம் வேறு இரண்டு கடைகளில் எழுத்தில் விலை கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். வித்தியாசம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

இந்தச் சூத்திரத்துக்கு எட்டாத பிரிப்புகளும் உண்டு. தேவையை இரண்டு கடைக்குப் பங்கிட்டு, இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள் இருந்தால் பான் எண் வேறாக இருக்கும். அப்போது பணம் போன வங்கிக் கணக்கு எண், பில்லில் அச்சிட்ட கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றை வைத்துக் கூட்டிப் பாருங்கள். 14 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு வாங்கினாலும் சூத்திரம் விட்டுவிடும். 45 நாள் என்று மாற்றி ஒரு தரம் ஓட்டலாம், ஆனால் குப்பை நிறைய வரும். மார்ச் 30-ல் ஒன்று, ஏப்ரல் 2-ல் ஒன்று என்று நிதியாண்டு எல்லையில் வெட்டியதைப் பிடிக்க, பட்டியலை எடுக்கும்போதே அடுத்த ஏப்ரலையும் சேர்த்து 13 மாதமாக எடுங்கள்.

இரட்டை பில்: ஏப்ரலில் 417-வது பில்லா?

இரட்டை பில்லில் சூழ்ச்சியைவிடச் சோர்வுதான் அதிகம். ஒரே பில் இரண்டு வழியாக அலுவலகத்துக்குள் நுழைகிறது. இரண்டு வழியிலும் வேறு வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். சரக்கு விற்பனைக்கு ஜிஎஸ்டி விதிப்படி பில் மூன்று பிரதிகளில் போடுகிறார்கள்: வாங்குபவருக்கு அசல், வண்டிக்கு இரண்டாம் பிரதி, விற்பவருக்கு மூன்றாவது. வண்டிக்காரர் கொடுத்துவிட்டுப் போகும் இரண்டாம் பிரதி ஸ்டோர் வழியாக வரும். அசல் தபாலிலோ மின்னஞ்சலிலோ கணக்குப் பிரிவுக்கு வரும். ஒரு மாதம் கழித்துப் பாக்கி கேட்டு அனுப்பும் கடிதத்தோடு ஸ்கேன் பிரதி ஒன்று வரும். ஆக, பில்லின் தலையில் எந்தப் பிரதி என்று அச்சிட்டிருக்கிறதோ அதை முதலில் பாருங்கள். 'அசல்' அல்லாத பிரதியை வைத்துப் பணம் கொடுத்த வவுச்சர்களை மட்டும் பொறுக்கினாலே பாதி வேலை முடியும்.

சூத்திரம் எளியது. ஒரே பான், ஒரே உரித்த பில் எண் எத்தனை தடவை வந்திருக்கிறது?

```
=COUNTIFS(I:I,I2,H:H,H2)
```

ஒன்றுக்கு மேல் வந்தால் பாருங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜிஎஸ்டி விதிகளின் 46-வது விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக்கூடாது. அடுத்த ஆண்டில் அதே எண் வரலாம். எனவே இரு வேறு நிதியாண்டு பில்கள் எண்ணில் ஒத்துப்போனால் பதறாதீர்கள். ஒரே ஆண்டுக்குள் ஒத்துப்போனால் விடாதீர்கள்.

இரண்டாவது சல்லடை தொகை. எண்ணை முழுக்கத் தவறாக அடித்திருந்தால் முதல் சல்லடையில் விழாது. அதே பான் எண்ணுக்கு அதே தொகை மறுபடி வந்திருக்கிறதா என்று `=COUNTIFS(I:I,I2,G:G,G2)` போட்டுப் பாருங்கள். வாடகை, செக்யூரிட்டி, லிஃப்ட் பராமரிப்பு போன்ற மாதாந்திர பில்கள் கொத்துக் கொத்தாக வரும். அவற்றில் மாதத்துக்கு ஒன்றுதானா என்று எண்ணிவிட்டு நகருங்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று வாடகை போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சல்லடையின் ஓட்டை ஒன்றுதான். ஒருவர் வரியோடு 73,160 என்றும் இன்னொருவர் வரியை விட்டு 62,000 என்றும் ஏற்றியிருந்தால் இரண்டும் சந்திக்காது. சந்தேகம் உள்ள சப்ளையருக்கு மட்டும் தொகையை 1.18-ஆல் வகுத்து இன்னொரு பத்தி வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

நம் ஆலையில் முதல் சல்லடையிலேயே விழுந்தது ஒரு பெயின்ட் பில், 73,160 ரூபாய். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் வேறு பில் போலத்தான் இருந்தன. ஒன்று `P/0417/24-25`, தேதி 04-07-2024, ஸ்டோர் வரவுச் சீட்டோடு வந்து ஜூலை 25-ல் பணம் போயிருந்தது. மற்றொன்று `P/417/24-25`, தேதி 07-04-2024, செலவுக் கணக்கில் ஜூலை 29-ல் ஏற்றி ஆகஸ்ட் 8-ல் பணம் போயிருந்தது. எண்ணில் ஒரு பூஜ்யம் குறைவு. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. அதனால்தான் மென்பொருள் பேசாமல் இருந்துவிட்டது.

அசலை எடுக்காமலே இங்கே நிறைய தெரிந்துகொள்ளலாம். ஏப்ரல் 7-ல் போட்ட பில் ஜூலை 29 வரை, 113 நாள், எங்கே கிடந்தது? பதிவு தேதியிலிருந்து பில் தேதியைக் கழித்து, வழக்கத்துக்கு மீறிய இடைவெளிகளைத் தனியே பார்ப்பது எப்போதும் பலன் தரும். அடுத்து, 2024 ஏப்ரல் 7 ஞாயிற்றுக்கிழமை. அந்த டீலர் ஞாயிறு திறப்பதில்லை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதே டீலரின் மே 22 பில் எண் 231. நிதியாண்டு தொடங்கி ஏழாவது நாளில் 417-க்குப் போன வரிசை, மே மாதத்தில் எப்படி 231-க்குத் திரும்பும்?

வவுச்சரை எடுத்துப் பார்த்தால் மின்னஞ்சலில் வந்த ஸ்கேன். அதில் வாயில் முத்திரை இல்லை, ஸ்டோர் வரவுச் சீட்டு எண் இல்லை. ஜூலை 22-ல் டீலர் பாக்கி கேட்டு அனுப்பிய மின்னஞ்சலோடு வந்தது அது. முதல் பில்லுக்கு 25-ல் பணம் போய்விட்டது தெரியாமல், 29-ல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அதைத் தனி பில்லாக ஏற்றியிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்வதற்கு முன், வரவுச் சீட்டு இல்லாத சரக்கு பில்லுக்குப் பணம் கொடுக்க ஒப்புதல் அளித்த கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். கேட்க வேண்டியது அவரை.

பணம் இரண்டு முறை போனது உறுதியா என்பதற்கு டீலரின் கணக்குதான் கடைசிச் சொல். பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். முழு ஆண்டு லெட்ஜரை அனுப்பச் சொல்லுங்கள். சில டீலர்கள் கூடுதலாக வந்த பணத்தை அடுத்த பில்லில் சத்தமில்லாமல் கழித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் நீங்கள் 'நஷ்டம்' என்று எழுதினால் சிக்கிக்கொள்வது நீங்கள். இந்த டீலரின் லெட்ஜரில் 73,160 ரூபாய் 'முன்பணம்' என்று அப்படியே நின்றது. ஒரே பில்லுக்கு உள்ளீட்டு வரியை இரண்டு முறை எடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். அதைப் பயன்படுத்தியும் விட்டிருந்தால் வட்டியும் சேரும். இங்கே செலவுக் கணக்கில் முழுத் தொகையாக ஏற்றியதால் அந்தத் தொல்லை வரவில்லை.

குறிப்பு எழுதுதல்

மேலாய்வாளர் உங்கள் எக்செல்லைத் திறக்க மாட்டார். அரைப் பக்கக் குறிப்பைத்தான் படிப்பார். அதில் 'மோசடி', 'கூட்டுச் சதி' போன்ற சொற்களுக்கு இடம் இல்லை. என்ன கண்டேன், எந்த விதியோடு முட்டுகிறது, எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, யாரிடம் என்ன கேட்க வேண்டும். அவ்வளவுதான். மின்சாமான் பில்லுக்கு நான் எழுதியது இது:

"ஜூன் 5 தேதியிட்ட ஒரே இன்டென்டில் உள்ள 11 இனங்கள், 10-06-2024 முதல் 17-06-2024 வரை ஒரே கடையின் 212 முதல் 216 வரையான ஐந்து பில்களில் வாங்கப்பட்டுள்ளன. மொத்தம் ரூ.2,42,844. ஒவ்வொரு பில்லும் ரூ.50,000-க்குக் கீழே. வாயிற்காவல் பதிவேட்டின்படி சரக்கு முழுதும் 08-06-2024 அன்று ஒரே வண்டியில் வந்துள்ளது. ஒரு தேவை பிரிக்கப்பட்டதாகத் தெரிகிறது. இந்தத் தொகைக்கு நிர்வாக இயக்குநர் ஒப்புதல் தேவை. பில் 215 வேறு லெட்ஜரில், ஜிஎஸ்டி எண் இல்லாமல் ஏற்றப்பட்டுள்ளது. அவசரம் காரணம் என்று ஸ்டோர் மேனேஜர் கூறுகிறார். பர்ச்சேஸ் மேனேஜர் அப்போது விடுப்பில் இருந்தது சரிபார்க்கப்பட்டது. அவசரக் கொள்முதல் படிவம் இல்லை. கடையின் ஜூன் 8 டெலிவரி சலான் இன்னும் பார்க்கப்படவில்லை. இரண்டாவது லெட்ஜரை யார் திறந்தது என்பதைக் கணக்குப் பிரிவு விளக்க வேண்டும்."

இதில் 'தெரிகிறது' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. மற்றவை எல்லாம் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. உங்கள் குறிப்பையும் அனுப்புமுன் இப்படி எண்ணிப் பாருங்கள். ஊகம் இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டினால், இன்னும் ஒரு பதிவேட்டைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பெயின்ட் டீலர் 73,160 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம், வங்கியில் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டோம். கழித்த பில் அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வருபவருக்குப் புதிர் ஆகிவிடும்.

மின்சாமான் கடையின் இரண்டாவது லெட்ஜர் மூடப்பட்டது. அதை யார் திறந்தது என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை எழுத்தில் பதில் வரவில்லை; 'பதில் பெறப்படவில்லை' என்றே கோப்பில் எழுதி வைத்தேன்.